காலி டிராயரைத் தள்ளிப் பார்த்து ஏமாறாதீங்க

கிச்சன் கப்போர்டுக்கோ வார்ட்ரோபுக்கோ ஆர்டர் கொடுக்கப் போறவங்களுக்காக இன்னைக்குப் பேசுறேன்.

ஷோரூமுக்குப் போனா முதல்ல டிராயரைத் தள்ளிக் காட்டுவாங்க. கடைசி ரெண்டு இஞ்ச், சத்தமே இல்லாம தானா உள்ளே போகும். அதுதான் சாஃப்ட் குளோஸ். நானும் அதுலதான் மயங்கினேன். அந்த டிராயர் காலியா இருந்தது எனக்கு உறைக்கவே இல்ல.

எங்க வீட்ல அடி டிராயர் 30 இஞ்ச் அகலம். குக்கர், இட்லிப் பானை, தோசைக்கல், பித்தளை உருளி எல்லாம் அதுக்குள்ளதான். எட்டு மாசத்துல முழுசா இழுத்தா முன்பக்கம் தொங்க ஆரம்பிச்சது. மூடும்போது கடைசி ஒரு இஞ்ச் உள்ளே போகாம நின்னுடும். டேம்பர் போயிடுச்சுன்னு மாத்திக் கொடுத்தாங்க. மூணு மாசத்துல திரும்பவும் அதே கதை.

அப்புறம்தான் பாத்திரத்தையெல்லாம் எடை பார்த்தேன். 31 கிலோ. டிராயர் பெட்டியைக் கழட்டி வெச்சா அது ஒரு 11 கிலோ. மொத்தம் 42. டிராயருக்கு அடியில மறைஞ்சிருந்த அந்த சேனல் தாங்குறது 30 கிலோதான். இந்த 30-ங்கிறது ஒரு ஜோடி சேனலுக்கு. பெட்டியோட எடையும் அதுலதான் சேரும். பக்கத்துக்கு 30-ன்னு நினைச்சுக்காதீங்க.

சரி, சேனலை மட்டும் மாத்திடலாமேன்னா, அதுவும் முடியல. 45 கிலோ தாங்குற டெலிஸ்கோபிக் சேனலைப் பக்கவாட்டுல பொருத்தணும். அதுக்கு ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் இடம் வேணும். பழைய பெட்டி அந்த அளவுக்கு வெட்டினது இல்ல. புதுப் பெட்டியே செய்ய வேண்டியதாச்சு. உருளியையும் கீழ் ஷெல்ஃபுக்கு மாத்திட்டேன்.

அதனால பலகை வெட்டுறதுக்கு முன்னாடியே எந்த டிராயர்ல என்ன வைக்கப் போறீங்கன்னு எடை பார்த்துடுங்க. கொட்டேஷன்ல 'சாஃப்ட் குளோஸ் சேனல்'னு மட்டும் இருந்தா ஒத்துக்காதீங்க. மாடல், நீளம், எத்தனை கிலோ, முழுசா வெளியே வருமா, எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. ஷோரூம்ல பாத்திரம் நிரப்பின டிராயரைக் காட்டச் சொல்லுங்க. முழுசா இழுத்து, முன் மூலையை லேசா அழுத்திப் பாருங்க. பிறகு ஒரு பக்கமா மட்டும் தள்ளி மூடிப் பாருங்க. கோணலா போய்ச் சிக்கினா அது வேண்டாம்.

வார்ட்ரோப் கதவுக்கும் இதே கணக்குதான். ஹிஞ்ச் மெதுவா மூடுதாங்கிறதை விட, எத்தனை ஹிஞ்ச் போடுறாங்கன்னு எண்ணுங்க. ஏழடிக் கதவுக்கு மூணு பத்தாது, நாலாவது வேணும். கண்ணாடி பதிச்ச கனமான கதவுன்னா அஞ்சு. குறைஞ்சா கதவு மெல்ல இறங்கி, பக்கத்துக் கதவோட உரச ஆரம்பிச்சுடும்.

சத்தமில்லாம மூடுறது நல்லதுதான். ஆனா முதல்ல அது பாரத்தைத் தாங்கணும். அடுத்த வாரம் பார்க்கலாம்.