மோதிர ஸ்கெட்ச்சைப் பக்கவாட்டில் பாருங்க

இன்னைக்கு நகை ஸ்கெட்ச் பத்திப் பேசலாம். கடையிலயோ டிசைனர்கிட்டயோ மோதிரம் ஆர்டர் கொடுத்தா, முதல்ல ஒரு ஸ்கெட்ச் காட்டுவாங்க. நாம "சூப்பரா இருக்கு"ன்னு சொல்லி அட்வான்ஸ் கொடுத்துடுவோம். ஆனா அழகான படம் வேற, விரல்ல போடக்கூடிய மோதிரம் வேற. பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்கெட்ச்சைச் சரிபார்க்கிறதுதான் என் வேலை. சமீபத்துல வந்த ஒண்ணையே எடுத்துக்குவோம்.

ஒரு பொண்ணு தன் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் செய்யச் சொல்லியிருந்தாங்க. நடுவுல வைக்க வேண்டிய வைரம், அவங்க பாட்டியோட ஒற்றைக்கல் தோட்டிலிருந்து எடுத்தது. ஜோடியில ஒண்ணு எப்பவோ தொலைஞ்சு போச்சு, மிஞ்சினது இது ஒண்ணுதான். கிட்டத்தட்ட அரை கேரட். குறுக்களவு 5.2 மி.மீ., ஆழம் 3.2 மி.மீ. ஸ்கெட்ச்ல இந்தக் கல்லைச் சுத்தி ஐந்து இதழ் பூ, இதழ் முழுக்கப் பொடி வைரம். மேலிருந்து பார்த்தா உண்மையிலேயே அழகு.

முதல்ல அளவு. படம் கையகலத்துக்கு இருந்துச்சு, ஓரத்துல பூவோட அகலம் 18 மி.மீ.ன்னு எழுதியிருந்தாங்க. அவங்க மோதிரத்தோட உள் விட்டமே 16.5 மி.மீ.தான். அதாவது பூ விரலைத் தாண்டி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்கும். அடியில வளையமோ 1.5 மி.மீ. அகலம். தலை கனமா, வளையம் மெலிசா இருந்தா மோதிரம் விரல்ல சுழன்றுகிட்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. சொன்ன அளவுக்கே பேப்பர்ல வெட்டி, விரல்ல ஒட்டி, கையை இறுக மூடிப் பாருங்க. அவங்க பண்ணிப் பார்த்தப்ப பேப்பர் பக்கத்து விரல்ல இடிச்சு மடங்கிடுச்சு. பேப்பர் மடங்கும், தங்கம் மடங்காது, விரலைத்தான் அழுத்தும்.

ரெண்டாவதுதான் முக்கியம்: பக்கவாட்டுத் தோற்றம். மேலிருந்து பார்த்தா கல் ஒரு வட்டம், அவ்வளவுதான். அதோட ஆழம் தெரியவே தெரியாது. பக்கவாட்டுப் படம் கேட்டு வாங்கினோம். அதுல விரல் மேலிருந்து பூவோட உச்சி வரைக்கும் மொத்த உயரமே 3 மி.மீ. கல்லோட ஆழமே 3.2 ஆச்சே! அடி முனை விரலைக் குத்தாம இருக்கக் கீழே கொஞ்சம் இடைவெளி வேணும். மேலே கல்லைப் பிடிக்கிற கம்பிகளோட முனைக்கும் கொஞ்சம் உயரம் வேணும். எல்லாம் சேர்ந்தா 4.5 மி.மீ.க்குக் குறையாது. இப்படியே பட்டறைக்குப் போயிருந்தா, ஆசாரிக்கு வேற வழியில்ல, கல்லைத் தூக்கித்தான் வைப்பார். தட்டையான பூவுக்கு நடுவுல கல் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். தலைமுடி, துப்பட்டா, ஸ்வெட்டர் எல்லாத்துலயும் மாட்டும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஒரு கம்பி லேசா நிமிரும். கல் இப்படியும் விழும்.

மூணாவது, கல்லை எது பிடிச்சிருக்குன்னு படம் சொல்லணும். இந்த ஸ்கெட்ச்ல நடுக்கல்லைச் சுத்தி நாலு புள்ளி மட்டும் இருந்துச்சு. அந்தப் புள்ளி எந்தக் கம்பியோட முனை, அந்தக் கம்பி கீழே எங்க போய்ச் சேருதுன்னு கோடே இல்ல. இதழ்கள்ல பொடிக்கல் வட்டங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, இதழோட கூர்முனை வரைக்கும் போயிருந்துச்சு. அப்போ பிடிக்க உலோகம் எங்க? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல, கல்லுக்கும் ஓரத்துக்கும் நடுவுல மெல்லிய இடமாவது தெரியணும். தெரியலைன்னா, கல் பதிக்கிறவர் தன் ஊகத்துல கல்லோட எண்ணிக்கையைக் குறைப்பார். கைக்கு வர்ற மோதிரம் நீங்க பார்த்த படமா இருக்காது.

கடைசியா பூவை 13 மி.மீ.க்குக் குறைச்சு, வளையத்தை 2.2 மி.மீ. ஆக்கினோம். உயரத்தைக் குறைக்க முடியாது. அதனால இதழ்களைக் குவிச்சு, கல்லோட விளிம்பு வரைக்கும் சரிவா ஏற வெச்சோம். நாலு கம்பிக்குப் பதிலா கல்லைச் சுத்தித் தங்கத் தகடு மடிச்சுப் பிடிக்கிற மாதிரி மாத்தினோம். இதுல கல் கொஞ்சம் சின்னதாத் தெரியும். அவங்களுக்கு முதல்ல அது பிடிக்கல. "தினமும் போடுவீங்களா, விசேஷத்துக்கு மட்டுமா?"ன்னு கேட்டேன். தினமும்னாங்க. அப்போ தகடுதான் சரின்னு அவங்களே முடிவு பண்ணாங்க. இதழ் முனைகளையும் உருட்டி, முனையில இருந்த பொடிக்கல்லை எடுத்துட்டோம்.

கனம் எப்படி இருக்கும்னு மட்டும் எந்த ஸ்கெட்ச்சும் சொல்லாது. அதுக்கு மெழுகு மாதிரி செஞ்சதும் எடை கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்க. மத்தபடி, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நிஜ அளவுல ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம், ரெண்டும் கேளுங்க. ரெண்டாவது படம் இல்லைன்னு சொன்னா, அந்த மோதிரத்தை இன்னும் யாரும் யோசிச்சு முடிக்கலைன்னு அர்த்தம்.