ஏழு பாடல்களும் ஓர் ஊரும்
(நூற்றாண்டு விழாப் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாக எங்கள் வகுப்புத் தோழிகள் ஏழு பாடல்கள் கொண்ட ஓர் இறுவட்டை வெளியிட்டிருக்கிறோம். பாட்டிமாரிடம் கேட்டுப் பதிவு செய்தவை ஆறு. நாங்களே எழுதியது ஒன்று. பாடுவதைவிட, எதற்குப் பின் எது, எதற்கு என்ன பெயர் என்று முடிவு செய்வதற்கே எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லவந்தோம்.

நாட்டார் பாடலுக்குத் தலைப்புக் கிடையாது. பாட்டிமார் முதல் அடியைச் சொல்லித்தான் கேட்பார்கள். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் இப்பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் பல மறைந்தே போயிருக்கும். நாங்களும் தொகுப்பு நூல் பாணியில் முதலில் 'தாலாட்டு', 'ஒப்பாரி', 'கும்மி' என்றே பெயரிட்டோம். பட்டியலை வாசித்துப் பார்த்தால் பாடத்திட்டம்போல இருந்தது. அது எந்த வகைப் பாட்டு என்று சொல்லியது. பாடுகிறவள் பயணத்தில் எங்கே நிற்கிறாள் என்று சொல்லவில்லை.

ஆகவே பாட்டுக்கு ஓர் அட்டை எடுத்தோம். பாடுவது யார், எங்கே நிற்கிறாள், பொழுது எது என்று மூன்று வரி எழுதினோம். அட்டைகளை மேசையில் பரப்பியபோது நாலாவதாக ஒன்று தென்பட்டது. 'ஊர்' என்ற சொல் பல பாடல்களில் வருகிறது. ஆனால் ஒரே பொருளில் அல்ல. தோணியேறும் பாட்டில் ஊர் என்பது கடலுக்கு அப்பால் விட்டுவந்த கிராமம். கொழுந்துப் பாட்டில் அது லயமும் பீலிக்கரையும் கோயிலும்தான். இந்தச் சொல் எங்கே பொருள் மாறுகிறதோ அங்கேதான் பயணம் நடக்கிறது. அதையே ஒழுங்கின் நூலாகப் பிடித்துக்கொண்டோம்.

பெரிய பிழை ஒன்றும் செய்தோம். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தபோது குழந்தையைப் புதைத்துவிட்டுப் போகும் தாயின் ஒப்பாரி, மெதுவான பாட்டு என்பதால் கடைசியில் நின்றது. மாதிரிப் பதிவைக் கேட்ட எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி, "ஏன் புள்ள, எங்களையெல்லாம் பொதைச்சிட்டா முடிக்கிறீங்க?" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. மறுநாள் அதை மூன்றாமிடத்துக்குக் கொண்டுவந்தோம். அடுத்து வருவது தப்பு ஒலியோடு தொடங்கும் பிரட்டுப் பாட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு வினாடி அமைதிதான் விட்டோம். அழுது முடிக்கக்கூட நேரமில்லாமல் விடிந்துவிட்டது என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது. பாட்டின் ஒரு சொல்லையும் நாங்கள் மாற்றவில்லை. இடத்தை மட்டுமே மாற்றினோம்.

தலைப்பிலும் இப்படி ஒரு தடுமாற்றம். ஐந்தாவது பாட்டுக்குக் 'கூலி' என்று வைத்திருந்தோம். பாட்டுக்குள்ளே அது உழைப்புக்குரிய சம்பளம். தலைப்பாகத் தனியே நின்றதும் நம்மவர்களை இழித்து அழைத்த பெயராகிவிட்டது. தலைப்புக்குப் பக்கத்தில் அதைத் திருத்த வேறு வரி இல்லை. அதனால் 'அரைப்பேர்' என்று மாற்றினோம். கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வெளியில் உள்ளவர்கள் பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆறாவது நாங்கள் எழுதியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற அழுகைக் கோச்சியைப் பற்றியது. 'ஊருக்குப் போகிறீர்கள்' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அவர்களுடைய ஊர் பின்னால் தேயிலைக்குள் மறைந்துகொண்டிருந்தது. முதல் பாட்டின் சொல் இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. இது முன்னால் வந்திருந்தால் கேட்பவருக்கு அந்த வலி புரிந்திருக்காது.

கடைசியில் தாலாட்டு. தங்கியிருந்தவர்களின் பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது. ஊர் எது என்று அந்தப் பாட்டு கேட்கவேயில்லை.

தோணி, நடை, வழியில் ஒரு மேடு, பிரட்டு, அரைப்பேர், கோச்சி, தொட்டில். கையடக்கத் தொலைபேசியில் தலைப்புகள் மட்டுமே தெரியும். நீண்டவை பாதியில் அறுந்துபோகும். ஆகவே சிறிதாக வைத்து, ஏழையும் ஒரே மூச்சில் உரக்க வாசித்துச் சரிபார்த்தோம். தொலைபேசி பாடல்களைக் கலைத்துப் போட்டால் எங்கள் ஒழுங்கு போய்விடும். அதற்காகவே ஏழுக்கும் எண் இட்டுப் பாடல் வரிகளை ஒரு சிறு புத்தகமாகவும் அச்சிட்டிருக்கிறோம்.

வைத்தியர்களாக வேலை செய்யும் எங்களில் சிலருக்கு இது பழகிய பாடம்தான். நோயாளி எதை முதலில் சொல்கிறார், எதைக் கடைசியில் வாசலில் நின்று சொல்கிறார் என்பதில் பாதி நோய் தெரிந்துவிடும். இந்த இறுவட்டில் அந்தக் காதைத் தந்தவர் அந்தப் பாட்டிதான். தொட்டில் பாட்டை இறுதியாக ஒருமுறை அவருக்குப் போட்டுக் காட்டினோம். பாட்டு முடிந்த பிறகும் அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.