திரும்பி வந்த முதற்பொதி

சல்வார் தைத்து இணையத்தில் விற்கத் தொடங்கிய நம் இளைய பழைய மாணவி ஒருத்திக்கு முதன்முறையாக ஒரு பொதி திரும்பி வந்தது. கூடவே, "36 என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற கோபச் செய்தியும்.

அவள் உடனே பதில் எழுதவில்லை. நாம் அவளோடு இருந்து சட்டையை மேசையில் விரித்து அளந்தோம். கமுக்கட்டுக்குக் கீழே குறுக்காக 18 அங்குலம். சுற்றளவு சரியாக 36. வாங்கியவரின் மார்பளவும் 36. இழுபடாத பருத்தித் துணியென்றால் உடலளவைவிட 2, 3 அங்குலம் கூட வேண்டும். இருவருமே பொய் சொல்லவில்லை; ஒருவர் உடலின் அளவையும் மற்றவர் துணியின் அளவையும் சொன்னார்கள்.

"மன்னியுங்கள் அக்கா. 39 அங்குலத்தில் தைத்து அனுப்புகிறேன், கூரியர் காசு என் பொறுப்பு" என்று எழுதினாள். இப்போது அவள் போடும் ஒவ்வொரு படத்திலும் சட்டையின்மேல் அளவுநாடா கிடக்கிறது.