பழுதுற்ற பொருளும் புகார் மனுவும்



விலை கொடுத்து வாங்கிய பொருள் பழுதானால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு எவ்வாறு மனு எழுதுவது என்பது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றேன். மனுவில் முதலில் நாள், அடுத்துச் சான்று, இறுதியில் பரிகாரம் என்ற வரிசை அமைய வேண்டும். ஆத்திரத்தை முன்னே வைத்து நாளைப் பின்னே தள்ளிய மனு, நியாயம் இருந்தும் தோற்றுவிடக் கூடும்.

விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். ஆலங்குடிப் பக்கம் ஒரு சகோதரி இட்லிக் கடை நடத்துகின்றார். 2025 சனவரி 10 அன்று, கடைகளுக்கென்றே செய்யப்பட்ட மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினார். உத்தரவாதம் ஓராண்டு. அதன் மோட்டார் மூன்று முறை நின்றுபோயிற்று. கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார்.

அச்சகோதரி செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு தாளில் நாள்களை எழுதுவது. பிப்ரவரி 4இல் மோட்டார் சூடேறி நின்றது. 6இல் தொலைபேசியில் புகார் பதிவாகி எண் தரப்பட்டது. 9இல் மெக்கானிக் வந்து கண்டன்சரை மாற்றினார். மார்ச் 2இல் மீண்டும் நின்றது. மோட்டார் பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் போய் 28இல் திரும்பியது. ஏப்ரல் 15இல் காயில் கருகிய நாற்றத்துடன் மூன்றாம் முறையாக நின்றது. ஏப்ரல் 20இல் கடைக்காரர் கைவிரித்தார். மே 5இல் பதினைந்து நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பப்பட்டது. பதில் இல்லை. மனுவின் உடல் இவ்வளவே. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எண்.

நாள்களை இவ்வாறு அடுக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது அச்சட்டம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஆயினும் அதை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது. அறிவிப்பு அனுப்பியதனால் கெடு நீண்டுவிடாது. ஆதலின் முதற்பழுது தோன்றிய பிப்ரவரி 4ஐத் தொடக்கமாகக் கொண்டு, 2027 பிப்ரவரி தொடக்கத்துக்கு முன்பாகவே மனுவைச் சேர்த்துவிடுவது பத்திரமான வழி.

இனிச் சான்று. பொருளில் குறை உண்டு என்று மெய்ப்பிக்கும் கடமை முதலில் மனுதாரருடையது. எதிர்த்தரப்பினர் வழக்கமாகச் சொல்வது என்ன? மின்னழுத்தம் ஏறி இறங்கியது. அளவுக்கு மேல் அரிசி போட்டார்கள். வெளியாள் திறந்து பார்த்தார் என்பார்கள். இவற்றுக்கு விடை சொல்லும் தாள்களைத்தான் நாம் சேர்க்க வேண்டும். வாங்கிய பில், உத்தரவாத அட்டை, மெக்கானிக் எழுதிக் கொடுத்த வேலைச் சீட்டுகள், புகார் எண் வந்த குறுஞ்செய்தி, அறிவிப்பின் படி, அது சேர்ந்ததற்கான அஞ்சல் சான்று ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆவண எண் இட்டு, உரிய பத்தியிலேயே அந்த எண்ணைக் குறிக்க வேண்டும்.

இவற்றுள் வேலைச் சீட்டே உயிர்நாடி. ஒருமுறை பழுதானது தற்செயல் எனலாம். உத்தரவாதக் காலத்துக்குள், மூன்றே மாதத்தில், அதே மோட்டார் மூன்று முறை நின்றது என்றால், குறை பொருளின் பிறப்பிலேயே இருந்தது என்ற முடிவுக்கு அது வலுவான அடிப்படையாகும். ஆகவே மெக்கானிக் சீட்டில் என்ன எழுதுகின்றார் என்று படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். 'சரிபார்க்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால், எது பழுது, எது மாற்றப்பட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

பழுதான பொருளை வெளியாளிடம் கொடுத்துத் திறக்கச் செய்யாதீர்கள். சோதித்தாலன்றிக் குறை விளங்காது எனில், ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதன் கட்டணத்தை மனுதாரர் செலுத்த வேண்டியிருக்கும். முத்திரை குலையாத பொருளே அச்சோதனையில் பேசும்.

இவ்விடத்தில் நம் இளைஞர்கள் கருத வேண்டிய ஒரு தடை உண்டு. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்கிறது சட்டம். லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கில், 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது. அங்கே வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று முடிவாயிற்று. ஆனால் தட்டச்சுப் பொறி வாங்கித் தாமே தட்டச்சு செய்து பிழைப்பவரும், ஆட்டோ வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அவ்வுரிமை போய்விடாது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. எனவே நம் சகோதரி, 'சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே இக்கிரைண்டரை வாங்கி, நானே இயக்கி வருகின்றேன்' என்று மனுவின் முதற்பத்தியிலேயே எழுத வேண்டும். இந்த ஒரு வரி விடுபட்டால், மோட்டாரைப் பற்றிய பேச்சுக்கே இடமின்றி மனு தள்ளப்படக் கூடும். வீட்டு உபயோகத்துக்கென விற்ற கிரைண்டரைக் கடையில் ஓட்டியிருந்தாலோ, உத்தரவாத அட்டையின் நிபந்தனையே அவருக்கு எதிராக நிற்கும்.

இறுதியாகப் பரிகாரம். 'நியாயம் வழங்குக' என்று மட்டும் எழுதுவது போதாது. புதிய கிரைண்டர் தர வேண்டும். இயலாதெனில் 18,000 ரூபாயை வாங்கிய நாள் முதல் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று கேட்க வேண்டும். அடுத்து நட்டம். பிப்ரவரியில் 5, மார்ச்சில் 26, ஏப்ரல் 15 முதல் அறிவிப்பு நாள் வரை 20, ஆக 51 நாள்கள் வெளியே மாவரைக்க நாளொன்றுக்கு 100 ரூபாய் கொடுத்தார் என்றால், நட்டம் 5,100 ரூபாய். அதற்கு அரைவை நிலையத்தின் சீட்டு வேண்டும். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியே ஒரு தொகை கேட்கலாம். கணக்கில்லாமல் இலட்சக்கணக்கில் கேட்டால், கணக்குள்ள தொகையின் மீதும் ஐயம் விழும்.

கடைக்காரர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்திடுக. ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் பழியை அவர்மேல் போட்டு ஒதுங்குவார். பொருளைத் திருச்சியிலோ இணையத்திலோ வாங்கியிருப்பினும், நாம் குடியிருக்கும் ஊரை வைத்துப் புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனு ஏற்கப்பட்டு அதன் படி கிடைத்தபின், எதிர்த்தரப்பினர் 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாளே நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

மூன்று மாதத்தில், சோதனை தேவையெனில் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறையில் அதைவிட நாள் பிடிப்பதும் உண்டு. அதுவரை பில்லின் எழுத்து மங்கிவிடக் கூடும். ஆகவே பொருள் வாங்கிய அன்றைக்கே பில்லை நகலெடுத்து, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் நாளும் இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மனுவின் முதல் ஆவணம் அந்த உறையில்தான் இருக்கின்றது.