மூன்று வட்டியின் ஆண்டுக் கணக்கு

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



“மூன்று வட்டி” என்று நம் கிராமங்களில் வழங்குவது, நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்பதாகும். வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் கூறும் வீதமோ ஆண்டுக்குரியது. இரண்டையும் ஒப்பிட, மூன்றைப் பன்னிரண்டால் பெருக்குகிறோம்; 36 சதவீதம் வருகிறது. முதல் முழுவதும் ஆண்டு இறுதிவரை நம் கையிலிருக்க, வட்டியை மட்டும் மாதந்தோறும் செலுத்தி வந்தால் இக்கணக்குச் சரியே.

தவணைக் கடனுக்கு இது பொருந்தாது. ஓர் உழவர் ரூ.1,000 பெறுகிறார் என்று கொள்வோம். பத்து மாதங்களுக்கு மாதம் ரூ.130 செலுத்த வேண்டும். முதலில் 100, வட்டி 30. முதல் மாதம் கடன் 1,000. ஆகவே மூன்று வட்டிதான். ஆறாம் மாதம் நிலுவை 500. வட்டி அதே 30. அது ஆறு வட்டி ஆகிவிட்டது. பத்தாம் மாதம் நிலுவை நூறே ரூபாய், அதற்கும் 30! இதனை முப்பது வட்டி என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பத்து மாத நிலுவைகளின் சராசரி ரூ.550. மாதம் 30 வீதம் ஆண்டு வட்டி 360. இதனை 550க்குக் கணக்கிட்டால் 65 சதவீதம் ஆகிறது. இது மனக்கணக்கே, ஒவ்வொரு தவணையிலும் வட்டி போக மிகுதியை முதலில் கழித்து நுட்பமாகப் பார்த்தால் ஏறக்குறைய 61 வரும்.

ஆதலின், வட்டி எடுத்த முதலுக்கா, நிலுவை முதலுக்கா என்று முன்னரே கேட்டறிய வேண்டும். நிலுவைக்கே மூன்று வட்டியெனில் 30, 27, 24 எனக் குறைந்து மொத்த வட்டி ரூ.165 ஆகும்; 300 அன்று.