நேசமணிக்கு என்ன ஆயிற்று?

இன்று மீம் என்ற கலையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு ஒரே ஒரு மீம் போதும்.

2019 மே மாதக் கடைசி. கட்டுமானப் பொறியியல் சார்ந்த ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதினார். இன்னொருவர் அவர் இப்போது நலமா என்று விசாரித்தார். ‘பிரே ஃபார் நேசமணி’ பிறந்தது. மே 29 அன்று அது உலக அளவில் டிரெண்டானது.

அதற்குள் இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்று, 2001இல் சித்திக் இயக்கத்தில் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படம். மேலே இருக்கும் ரமேஷ் கண்ணாவின் கை நழுவி, சுத்தியல் கீழே நிற்கும் நேசமணியின், அதாவது வடிவேலுவின் தலையில் விழும் காட்சி. இன்னொன்று, 2015இல் பாரிஸ் தாக்குதலின்போது நாம் பார்த்த ‘பிரே ஃபார் பாரிஸ்’ போன்ற இரங்கல் வாசகங்கள். மகா துயரத்துக்கு எழுதும் வாசகத்தை ஒரு சினிமா அடிக்குச் சூட்டியதில்தான் சிரிப்பு பிறக்கிறது.

இரண்டும் தெரிந்த முப்பது வயதுக்காரர் உடனே சிரித்தார். தியேட்டரில் படம் பார்த்த அவருடைய அப்பாவுக்கு வடிவேலு தெரியும், இரங்கல் வாசகம் தெரியாது. வடிவேலு செத்துப்போனதாக வதந்தியோ என்று பதறினார். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் படமே தெரியாது. தலையில் கட்டுப் போட்ட ஸ்டிக்கர் மட்டும்தான் தெரியும். பரீட்சை கஷ்டம் என்று சொல்ல அதை அனுப்புகிறது. தமிழ் தெரியாத பலர் நிஜ மனிதருக்கு அடிபட்டதாகவே நம்பினார்கள். அது டிரெண்டான மறுநாள் மோடி பதவியேற்பு. ஆகவே இது அரசியல் எதிர்ப்பு என்று படித்தவர்களும் உண்டு.

நம் சேத்தியாத்தோப்புப் பக்கம் இன்னொரு அடுக்கும் உண்டு. இங்கே எத்தனையோ வீடுகளில் யாராவது ஒருவர் நெய்வேலிக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் அங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாட்களை வீட்டில் காத்திருந்து கழித்த ஒரு தாய்க்கு, கான்ட்ராக்டர், தலையில் அடி, பிரார்த்தனை என்ற மூன்றும் ஒரே படத்தில் வந்தால் அது சினிமாவாகத் தெரியாது. அவரை விவரம் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் படித்தது அவருடைய வாழ்க்கையிலிருந்து.

மீம் சுருக்கமாக இருப்பதுதான் அதன் அழகு. மீதிப் பாதியை, பார்ப்பவரின் நினைவே நிரப்புகிறது. நண்பர்கள் குழுவில் அந்த நினைவு எல்லோருக்கும் ஒன்று. குடும்பக் குழுவில் அப்படி இல்லை. ஆகவே இளைஞர்களே, அங்கே விபத்து சம்பந்தப்பட்ட மீமை அனுப்பும்போது எந்தப் படத்தின் காட்சி என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பெரியவர்களே, பதறும் முன் அனுப்பிய பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.