நான்கு பிரிவுகளும் ஒரு படிவமும்

(கிளைத் தலைவர், தலைவிமாருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடையாள அட்டை விண்ணப்பப் படிவத்தை நம் பிள்ளைகளுக்கு விளங்கும்படி ஓர் அட்டவணையாக எழுதி, தோட்டந்தோறும் ஒட்டலாம் என்று போன மாதம் நாங்கள் முடிவெடுத்தோம். தமிழும் ஆங்கிலமும் உள்ள படிவத்தைப் போனில் படம் எடுத்து, ஒரே இரவில் எழுதி முடித்தோம். அது பிழைத்துப் போனது. எங்கே பிழைத்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளையொன்று எங்கள் அட்டவணையைப் பார்த்துப் படிவத்தை நிரப்பியது. பதிவுப் பிரிவு என்ற இடத்தில் 'மேல் டிவிஷன்' என்று எழுதியிருந்தது. படிவம் திரும்பி வந்தது. பிள்ளை மேல் குற்றமில்லை. ஆங்கிலத்தில் 'டிவிஷன்' என்று இருந்ததைக் கண்டு, தோட்டத்து டிவிஷன் என்று அட்டவணையில் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

நமக்கு நான்கு பிரிவு இருக்கிறது. லயம் இருக்கும் தோட்டத்து டிவிஷன் ஒன்று. கிராம அலுவலர் பிரிவு ஒன்று. பிரதேச செயலாளர் பிரிவு ஒன்று. நான்காவதுதான் பிறப்பைப் பதிந்த பதிவுப் பிரிவு. அது நாம் குடியிருக்கும் இடத்தைப் பற்றியதே அல்ல. பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பிரிவாக இருக்கலாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே அட்டவணையைத் திருத்தி எழுதினோம். முன்பு 'தேவையான பத்திரம்' என்று ஒரே நிரல் இருந்தது. இப்போது அதை இரண்டாக்கிவிட்டோம்: எதைப் பார்த்து எழுதுவது, எதைக் கூட வைப்பது. சில வரிகளைப் பாருங்கள்.

| படிவம் கேட்பது | எதைப் பார்த்து எழுதுவது | கூட வைப்பது |
|---|---|---|
| முழுப் பெயர் | பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். செக்ரோல் பெயர் அல்ல | பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் |
| பதிவுப் பிரிவு | அதே பத்திரம் | தனியாக ஒன்றும் வேண்டாம் |
| நிரந்தர முகவரி | லயம், டிவிஷன், தோட்டம், தபாலகம் | அத்தியட்சகரின் உறுதிப்படுத்தல் |
| புகைப்படம் | எழுத ஒன்றுமில்லை | பதிவு பெற்ற ஸ்டூடியோ தரும் பற்றுச்சீட்டு |

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு பொறியும் உண்டு. அதில் மூன்று திகதிகள் இருக்கும்: பிறந்த திகதி, பதிந்த திகதி, அந்தப் பிரதியை நமக்குக் கொடுத்த திகதி. பிரதியின் அடியில் கையொப்பத்துக்குப் பக்கத்தில் உள்ளது கடைசித் திகதி. அதைப் பிறந்த திகதியென்று எழுதிவிட்டால் பத்தொன்பது வயதுப் பிள்ளை கைக்குழந்தையாகிவிடும். இலக்கமும் அப்படித்தான். பிறப்புப் பதிவின் இலக்கம் வேறு, பிரதிக்குக் கட்டிய பணத்தின் ரசீது இலக்கம் வேறு.

இனிப் படம் எடுக்கும் விஷயம். எங்கள் முதல் படத்தில் அடி ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. யார் உறுதிப்படுத்த வேண்டும் என்ற சின்ன எழுத்து அங்கேதான் இருந்தது. தோட்டத்தில் குடியிருப்பவருக்கு அத்தியட்சகர், பள்ளிக்கூட மாணவருக்கு அதிபர், மற்றவருக்குக் கிராம அலுவலர். ஆகவே பகல் வெளிச்சத்தில், படிவத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையும் தெரிய நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஒருவர் படத்தைப் பார்த்துத் தமிழ் வரியையும் ஆங்கில வரியையும் வாசிக்க, மற்றவர் எழுதட்டும். வாசிக்க முடியாத சொல்லை ஊகித்து எழுத வேண்டாம். அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, மறுநாள் கடதாசிப் படிவத்தையே பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் வேறு வேறு பொருள் தருவதாகத் தோன்றினால் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். 'டிவிஷன்' என்ற சொல்லுக்கு நாங்கள் அப்படிக் கேட்கவில்லை.

அலுவலகப் பாவனைக்கென்று இருக்கும் கட்டங்களையும் அட்டவணையில் சேர்த்து, 'வெறுமையாக விடவும்' என்று எழுதுங்கள். சேர்க்காமல் விட்டால், வெறும் கட்டத்தைக் கண்டவர்கள் எதையாவது எழுதிவிடுகிறார்கள்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே இல்லாதவருக்கு இந்த அட்டவணை உதவாது. பிறப்பே பதியப்படாதிருந்தால் அவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். அது வேறு படிவம், வேறு வேலை. அப்படிப்பட்டவர்களின் பெயரைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.

படம் எடுப்பது வெறும் படிவத்தைத்தான். ஒருவர் நிரப்பிய படிவத்தைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டாம். அவருடைய பெயரும் பிறந்த திகதியும் முகவரியும் ஊரெல்லாம் போய்விடும். ஒட்டும் அட்டவணையின் மூலையில் எந்த மாதத்துப் படிவத்தைப் பார்த்து எழுதியது என்று குறியுங்கள். புதிய படிவம் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஒரு கட்டம் மாறியிருந்தாலும் பழைய தாளைக் கிழித்தெடுத்துவிடுங்கள்.